ஆறு ஐம்பது பஸ்ஸுக்கு முன் அறுபது குளியல்: மட்டக்களப்பு மாணவியர் விடுதி ஒன்றின் சுடுநீர் அமைப்பு

பின்னணி

மட்டக்களப்பு வாவியை ஒட்டிய ஒரு பகுதியில், பயிற்சி நிறுவனமொன்றின் மாணவியர் விடுதி. இரண்டு மாடி, 96 பேர், 12 குளியலறைகள். மட்டக்களப்பில் சுடுதண்ணீர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கச்சான் வீசும் மாதங்களில் அந்தக் கேள்வி நியாயம்தான். பின்னேரத்தில் மேல்தாங்கித் தண்ணீரே கையைச் சுடும். ஆனால் கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பி, மழை நாட்கணக்கில் நின்று பெய்யும்போது விடியற்காலைத் தண்ணீர் 25 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடும். அந்தத் தண்ணீரில், இருட்டோடு, ஈரக்காற்றில் குளிக்க வேண்டும். விடுதியில் பாதிப்பேர் பதுளை, நுவரெலியா பக்கத்துப் பிள்ளைகள். சுடுநீருக்குப் பழகியவர்கள்.

காலை நெருக்கடிக்குக் காரணம் நிறுவனத்தின் பஸ். அது 6.50க்குப் புறப்படும். தவறவிட்டால் அன்றைய பயிற்சி போய்விடும். எனவே குளியல் முழுவதும் ஏறத்தாழ 75 நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும். நான் கட்டிட நீர், மின் வேலைகளைத் திட்டமிடுபவன். என்னை அழைத்தது சுடுநீருக்காக அல்ல, "ஒவ்வொரு விடியவும் கரண்ட் போகுது தம்பி, வந்து பாருங்கள்" என்று விடுதிப் பொறுப்பாளர் சொன்ன குறைக்காக.

முதலில் கண்டது

முந்தைய வருடம் ஆறு குளியலறைகளில் உடனடிச் சுடுநீர் ஹீற்றர்களைப் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றும் 3.5 கிலோவாட். 230 வோல்டில் அது சுமார் 15 அம்பியர் இழுக்கும். விடுதிக்கு இருந்தது 30 அம்பியர் த்ரீ பேஸ் இணைப்பு, அதாவது பேஸ் ஒன்றுக்கு 30 அம்பியர். ஆறு ஹீற்றரையும் பேஸுக்கு இரண்டாகப் பிரித்தாலே வரம்பு நிறைந்துவிடும். இங்கே ஒரு பேஸில் மூன்று மாட்டப்பட்டிருந்தன. அதே பேஸில்தான் குசினியும், பிள்ளைகள் அயன் பண்ணும் இடமும்.

பிரேக்கர் ஏன் உடனே விழாமல் ஆறு மணியளவில் விழுகிறது என்று மின்வேலை செய்பவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் பழுதான பிரேக்கர் என்று எண்ணி மாற்றியிருக்கிறார். ஆனால் பிரேக்கர் சரியாகவே வேலை செய்தது. வரம்பைச் சற்றுத் தாண்டிய மின்னோட்டத்தை அது சில நேரம் பொறுக்கும். உள்ளேயிருக்கும் உலோகத் தகடு மெல்லச் சூடேறி வளைந்த பின்புதான் விழும். குறுஞ்சுற்று என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். கால்மணி கழித்து, ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழுந்தால் அது சுமை அதிகம் என்பதற்கான அடையாளம்.

சரி, பேஸ்களைச் சமப்படுத்தினால் தீருமா? அதையும் பார்த்தேன். 25 பாகைத் தண்ணீரை 39 பாகைக்கு ஏற்ற 3.5 கிலோவாட் ஹீற்றர் நிமிடத்துக்கு 3.6 லீற்றருக்கு மேல் தராது. ஒரு குளியலுக்கான தண்ணீர் சேர ஒன்பது நிமிடம் ஆகும். உள்ளே போய் வெளியே வரும் நேரத்தையும் சேர்த்தால் ஆளுக்கு 12 நிமிடம். 75 நிமிடத்தில் ஆறு அறைகளில் 36, 37 பேர்தான் குளித்து முடிக்கலாம். பிரேக்கர் விழாத நாளிலும் மற்றவர்களுக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

பன்னிரண்டு அறைக்கும் இதே ஹீற்றர் போடுவது நிறுவனத்தின் முதல் யோசனை. அது 42 கிலோவாட். 60 அம்பியர் த்ரீ பேஸ் இணைப்புக்கு மாறினாலும் அதன் முழு அளவையும் குளியலறைகளே எடுத்துவிடும், மின்குமிழ் எரிக்கக்கூட மிச்சமிருக்காது. அதற்கும் மேலே போனால் மொத்த விநியோக வகைக்குள் போய், மாதத்தின் உச்சக் கேள்விக்கு, அதாவது ஒரே நேரத்தில் அதிகமாக இழுத்த அளவுக்கு, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு மணித்தியாலக் குளியலுக்காக மாதம் முழுதும் கட்டுவது சரியாகப் படவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு ஹீற்றரைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு கட்டியிருந்தது. குழாய் நீர் நிற்கும் நாட்களில் வளவுக் கிணற்று நீரை மேல்தாங்கிக்கு ஏற்றியிருக்கிறார்கள். வாவிப் பக்கத்துக் கிணறு, உப்பும் கடினத்தன்மையும் உள்ள நீர். படிவு கட்டினால் வெப்பம் நீருக்குப் போகாமல் கம்பியே எரியும். உப்பு, துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியிலும் ஊசித்துளை போடும்.

எண்ணிப் பார்த்த ஆறு காலைகள்

விற்பனையாளர்கள் கொடுக்கும் அட்டவணைகளில் "ஆளொன்றுக்கு நாளைக்கு இத்தனை லீற்றர்" என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் எந்த ஊரில், எந்தப் பழக்கத்தில் எடுக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. இங்கே ஷவரைத் திறந்துவிட்டு நிற்பவர்கள் குறைவு. வாளியில் பிடித்து, கலந்து, கோப்பையால் அள்ளிக் குளிப்பவர்களே அதிகம். வாளியை எண்ணலாம். அது பெரிய வசதி.

மார்கழியில், மழை விடாத ஒரு வாரத்தில், ஆறு காலைகள் எண்ணினோம். வாளிகளுக்குள் லீற்றர் கோடு போட்டோம். ஒவ்வொரு தளத்திலும் ஒரு மாணவி கதவருகே தாளோடு உட்கார்ந்து உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், வாளிக் கணக்கு மூன்றையும் குறித்தாள். சிலரிடம் சமையலறை வெப்பமானியைக் கொடுத்து, கலந்து முடித்த தண்ணீரின் வெப்பநிலையைப் பார்க்கச் சொன்னோம்.

96 பேரும் காலையில் சுடுநீர் கேட்பதில்லை. அதிகமாக வந்த நாளில் 60 பேர். சிலர் முதல்நாள் பின்னேரமே குளித்துவிடுகிறார்கள், சிலருக்குப் பச்சைத் தண்ணீரே பிடிக்கும். அந்த 60 பேரும் 5.25க்கும் 6.40க்கும் இடையில் வந்தார்கள். அதில் பாதிப்பேர் 5.45 தொடங்கி அரை மணிக்குள். ஆளுக்குச் சராசரி 32 லீற்றர், 39 பாகை. மேல்தாங்கி நீர் 25 பாகை. இதற்குப் பின் செய்த எல்லாக் கணக்கும் இந்த நான்கு எண்களில்தான் நிற்கிறது.

கணக்கு

ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை உயர்த்த 1.163 வாட்-மணி வேண்டும். 60 பேர், 32 லீற்றர், 14 பாகை உயர்வு. பெருக்கினால் 31 கிலோவாட்-மணி, மின்பட்டியலில் வரும் அலகாகச் சொன்னால் 31 அலகு வெப்பம். இது பெரிய தொகை அல்ல. பிரச்சினை, அது 75 நிமிடத்தில் வேண்டும் என்பதே. அப்படிக் கொடுக்க 25 கிலோவாட் தேவை.

ஒரு விற்பனையாளர் இந்த 25ஐ அப்படியே எடுத்து, காற்றிலிருந்து வெப்பம் எடுத்து நீரைச் சூடாக்கும் 25 கிலோவாட் ஹீற் பம்பும் 500 லீற்றர் தாங்கியும் தரலாம் என்று விலை எழுதித் தந்தார். பிழையான கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெரிய இயந்திரம் ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு 23 மணித்தியாலம் சும்மா நிற்கும்.

இந்த இடத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிப் போகின்றன. காலை உச்சத்தை எப்படிச் சமாளிப்பது என்பது ஒன்று. வெப்பத்தை எந்த வழியில் உண்டாக்குவது என்பது மற்றது. முதலாவதற்குப் பதில் தாங்கி. இரவு முழுவதும் மெல்லச் சூடாக்கிச் சேர்த்து வைத்தால், அதே 31 அலகை ஏழு மணித்தியாலத்தில் கொடுக்க நாலரைக் கிலோவாட்டே போதும். தாங்கிக்குள் நீரைச் சூடாக்கும் சாதாரண மின்கம்பியே இதைச் செய்துவிடும், பிரேக்கரும் விழாது. ஹீற் பம்ப் தீர்ப்பது இரண்டாவதை மட்டும். வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி நீருக்குக் கொடுப்பதால், ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகுக்கு மேல் வெப்பம் கிடைக்கும். எங்கள் விடியற்காலைக் காற்று 24 பாகையும் நிறைய ஈரமும் உள்ளது. ஹீற் பம்புக்கு அது நல்ல காற்று.

அறைக்கு ஒன்றாக 50 லீற்றர் மின்தாங்கி வைக்கும் யோசனையும் வந்தது. தாளில் அது போதும் என்றே காட்டியது. ஆனால் எண்ணிய தாள்களைப் பார்த்தால், படிக்கட்டுக்குப் பக்கத்து அறையை ஒன்பது பேர் பாவிக்க, மூலை அறையை மூன்று பேரே பாவித்திருந்தார்கள். தனித்தனித் தாங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்காது. ஒரு பொதுத் தாங்கியில் இந்த ஏற்றத்தாழ்வு தானாகவே சமப்படும்.

எடுத்த முடிவு

தாங்கி நீரை 55 பாகையில் வைப்பதாக எடுத்துக்கொண்டேன். 25 பாகை நீரோடு கலந்து 39 ஆக்க, குளியல் நீரில் 47 சதவீதம் தாங்கியிலிருந்து வர வேண்டும். அதாவது ஆளுக்கு 15 லீற்றர், 60 பேருக்குச் சுமார் 900 லீற்றர்.

தாங்கியின் பெயர்ப்பலகையில் 1000 லீற்றர் என்றிருந்தால் 1000 லீற்றரும் சூடாக வராது. எடுக்க எடுக்கக் கீழிருந்து குளிர்நீர் ஏறும். நடுவில் இரண்டும் கலக்கும் ஓர் அடுக்கு உருவாகும். அந்த அடுக்கு மேலே வந்ததும் குழாய் வெதுவெதுப்பாகிவிடும். 80 சதவீதத்தைத்தான் நம்பலாம். எனவே இரண்டு 500 லீற்றர் தாங்கிகளைத் தொடராக இணைத்தால் 800 லீற்றர். குளிர்நீர் இரண்டாம் தாங்கியின் அடியில் நுழையும், அதன் மேல்நீர் முதல் தாங்கியின் அடிக்குப் போகும், முதல் தாங்கியின் உச்சியிலிருந்து விடுதிக்கு. உயரமான ஒரே தாங்கி போல நடக்கும்.

900க்கு 800 போதாது. ஆனால் 7.5 கிலோவாட் ஹீற் பம்ப் அந்த 75 நிமிடமும் ஓடுமே, அது ஒன்பது அலகுக்கு மேல் வெப்பம் தரும், அதாவது இன்னும் 270 லீற்றர் என்று கூட்டினேன். மொத்தம் 1070. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மேலதிகம் இருப்பதாக நம்பினேன். இந்தக் கூட்டல்தான் பின்னர் காலை வாரியது.

7.5 கிலோவாட் என்பதை நாள் முழுவதுக்குமான தேவையிலிருந்து எடுத்தேன். காலை 31, பின்னேரக் குளியல் 10, தாங்கியும் குழாயும் இழப்பது 7. மொத்தம் 48 அலகு. ஆறரை மணித்தியால ஓட்டம். மின்சாரம் இழுப்பது இரண்டேகால் கிலோவாட் அளவு. பழைய 30 அம்பியர் இணைப்பே போதுமென்றாயிற்று. ஒவ்வொரு தாங்கியிலும் 3 கிலோவாட் மின்கம்பி ஒன்றும் துணைக்கு வைத்தோம், ஹீற் பம்ப் பழுதானால் விடுதி தவிக்கக்கூடாது என்று.

சுடுநீர்த் தாங்கிக்குக் குழாய் நீர் மட்டுமே போகும்படி மேல்தாங்கியைப் பிரித்தோம். கிணற்று நீர் கழுவலுக்கும் கழிப்பறைக்கும். வெளி இயந்திரத்தைக் கடற்காற்று நேரே அடிக்காத பக்கத்தில், குசினிக்குப் பின்னால் வைத்தோம். ஈரக்காற்றிலிருந்து அது நிறையத் தண்ணீர் வடிக்கும், அதற்கு ஒரு வடிகாலும் வேண்டியிருந்தது.

அடுத்த மார்கழி

அமைப்பு ஆனி மாதம் ஓடத் தொடங்கியது. ஆறு மாதம் ஒரு குறையும் வரவில்லை. கச்சான் காலத்தில் காலையில் பத்துப் பதினைந்து பேர்தான் சுடுநீர் எடுத்தார்கள். நானும் எல்லாம் சரி என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்கழி இரண்டாம் வாரம் பொறுப்பாளர் அழைத்தார். போய்ப் பார்த்தபோது ஒரு மாணவி தெளிவாகச் சொன்னாள்: "அண்ணா, ஆறு மணிக்கு முந்திப் போனால் நல்ல சூடு. பிந்திப் போனால் வெதுவெதுப்பு. அதுக்குப் பிறகு பச்சைத் தண்ணிதான்."

அடுத்த நாள் விடியற்காலை நான்கு வெப்பமானி முனைகளை முதல் தாங்கியின் சுவரில், வெப்பக்காப்புக்கு உள்ளே, வெவ்வேறு உயரங்களில் ஒட்டினேன். 5.25க்குக் குழாயில் 52 பாகை. 5.50க்கு ஹீற் பம்ப் ஓடத் தொடங்கியது. 6.05க்கு 47. 6.15க்கு 41. 6.25க்கு 37. அதுவரை சுடுநீரில் குளித்தவர்கள் 35 பேர் மட்டும்.

எடுத்த நீரின் அளவைப் பார்த்தால் தாங்கியில் இன்னும் சுடுநீர் இருந்திருக்க வேண்டும். காரணத்தைக் காட்டிக்கொடுத்தது அந்த நான்கு முனைகள்தான். தாங்கி வெறுமையாகும்போது கீழ்முனை முதலில் குளிரும், பிறகு அதற்கு மேலது, கடைசியில் உச்சி. ஒரு கோடு மேலேறுவது போலத் தெரியும். இங்கே நான்கும் ஒன்றாக இறங்கின. அப்படியென்றால் யாரோ தாங்கியைக் கலக்குகிறார்கள்.

கலக்கியது ஹீற் பம்ப். நாங்கள் வாங்கியது நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுச் சூடாக்கும் வகை. ஒரு சுற்றில் ஐந்து பாகைதான் ஏற்றும், ஆனால் நிமிடத்துக்கு 21 லீற்றர் சுற்றும். இரவில் அது பரவாயில்லை. முழுத் தாங்கியும் சுற்றிச் சுற்றிக் காலைக்குள் 55க்கு வந்துவிடும். ஆனால் காலை உச்சத்தில் அது அடியிலிருந்து உறிஞ்சுவது அப்போதுதான் நுழைந்த 25 பாகை நீர். அதை 30, 31 ஆக்கி, இணைப்புப் படத்தில் உள்ளபடியே, முதல் தாங்கியின் உச்சியில் கொண்டுபோய் விட்டது. விடுதி எடுப்பதே நிமிடத்துக்கு 12 லீற்றர். அதைவிடக் கூடுதலான வெதுவெதுப்பு நீர் சுடுநீரின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. வெளிவரும் குழாயைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்திருக்கும். நான் முன்பே தொட்டிருக்க வேண்டும்.

ஆக, 270 லீற்றர் உதவி என்று நான் கூட்டியது உதவியே அல்ல. வெப்பம் என்னவோ தாங்கிக்குள் போனதுதான். ஆனால் குளிக்க உதவாத வெப்பநிலையில் போனது, போனதோடு இருந்த சூட்டையும் கெடுத்தது. அலகுக் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது.

திருத்தம்

முதலில் ஒரு நேரச்சுவிட்ச் வைத்து, காலை 5.00 முதல் 6.50 வரை ஹீற் பம்பை நிறுத்தினோம். வேறொன்றையும் தொடவில்லை, ஒரு மாற்றத்தின் பலனைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக. அடுத்த நாள் 51 பேருக்குச் சூடு குறையாமல் வந்தது, அதன் பிறகு சட்டென்று குளிர்ந்தது. 800 லீற்றரை ஆளுக்கு 15ஆல் வகுத்தால் 53. கணக்கும் தாங்கியும் இப்போது ஒத்துப்போயின. இயந்திரத்தை நிறுத்தியதால் கூடுதலாகப் பதினாறு பேருக்குச் சுடுநீர் கிடைத்தது என்பதை நம்புவதற்கு நிறுவனத்தாருக்கு இரண்டு நாள் எடுத்தது.

மிச்சமுள்ள ஒன்பது பேருக்கு என்ன செய்வது? இன்னொரு தாங்கி வைக்க இடமும் பணமும் இல்லை. இருந்த வழி, அதே நீரை இன்னும் சூடாக்குவது. 60 பாகையில் வைத்தால் குளியலுக்கு 40 சதவீதமே தாங்கியிலிருந்து வேண்டும், ஆளுக்கு 12.8 லீற்றர். 800 லீற்றர் 62 பேருக்குப் போதும். ஹீற் பம்ப் அந்த உயரத்தில் திணறும், மின்சாரத்துக்குத் தரும் வெப்பமும் குறையும். எனவே 55 வரை அதற்கு, கடைசி ஐந்து பாகையைத் துணை மின்கம்பிகளுக்கு என்று பிரித்தோம். 1000 லீற்றருக்கு ஐந்து பாகை என்றால் ஆறு அலகுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கம்பியும் 3.45 முதல் ஒரு மணித்தியாலம் எரிந்தால் முடிந்துவிடும். அந்நேரம் விடுதியில் வேறு சுமையே இல்லை.

60 பாகை நீர் நேரே தோலில் பட்டால் சில விநாடிகளில் புண்ணாக்கும். வாளியில் பிடிப்பவர்கள் கையை விட்டுப் பார்ப்பவர்கள். எனவே தாங்கி வெளிவாயிலில் 48 பாகைக்கு அமைத்த கலப்பு வால்வு ஒன்று போட்ட பிறகே வெப்பநிலையை ஏற்றினோம். இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. தினம் ஒருமுறை 60ஐத் தொடுவதால், வெதுவெதுப்பு நீரில் வளரும் லெஜியனெல்லா கிருமிக்கும் தாங்கியில் இடமில்லாமல் போயிற்று.

அதன் பின்

தை மாதம் முழுக்க 60 பேர் வந்த நாட்களிலும் முறைப்பாடு வரவில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. தொடர்ந்து நாலு நாள் மழை அடித்து மேல்தாங்கி நீர் 23.5 பாகைக்கு இறங்கியபோது கடைசி இரண்டு பேருக்கு வெதுவெதுப்பாகத்தான் வந்தது. அந்த வெப்பநிலையில் கணக்குப்படியும் 59 பேருக்கு மேல் வராது. ஏழு மணிக்குப் பின் குளிக்க வருபவர்களுக்கும் மத்தியானம் வரை நல்ல சூடு கிடைக்காது. வெறுமையான தாங்கியைத் திரும்பச் சூடாக்க ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும். இதைப் பொறுப்பாளர் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஓர் இரவு யாரும் தண்ணீர் எடுக்காதபடி வைத்து, முழுத் தாங்கியையும் 25லிருந்து 55க்கு ஏற்றித் தனி மீற்றரில் பார்த்தோம். நீருக்குள் போனது 35 அலகு, மின்சாரம் 10.5 அலகு. ஒன்றுக்கு மூன்றேகாலுக்கு மேல். தை மாதத்தில் நாளொன்றுக்கு ஹீற் பம்புக்கு 13, மின்கம்பிக்கு 6, ஆக 19 அலகு போனது. மின்கம்பி மட்டுமே என்றிருந்தால் 48 போயிருக்கும்.

ஆனால் வைகாசிக்கு வரும்போது நாளுக்கு ஐந்து அலகு கூடப் போகவில்லை, அதிலும் பெரும்பகுதி தாங்கி சும்மா இருந்து இழக்கும் வெப்பம். விற்பனையாளரின் தாளில் ஒரு குளிர்நாளின் மிச்சத்தை 365ஆல் பெருக்கியிருந்தார்கள். மட்டக்களப்பில் அந்த மிச்சம் நாலைந்து மாதத்துக்குத்தான். முதலீடு எப்போது திரும்பும் என்று நிறுவனத்துக்கு நான் எழுதிக் கொடுத்ததையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியிருந்தது. இப்போது கச்சான் மாதங்களில் ஒரு தாங்கியைத் தனிமைப்படுத்தி, நீரை வடித்து வெறுமையாக வைக்கிறோம். நீரோடு மூடி வைத்தால் தேங்கிக் கெடும்.

திரும்பச் செய்வதென்றால்

தாங்கியை 1500 லீற்றராக எடுப்பேன், ஹீற் பம்பை அதே 7.5 கிலோவாட்டில் விடுவேன். தாங்கிக்கு ஓடும் பாகம் இல்லை, பழுதாக ஒன்றுமில்லை. 60 பாகைக்கு ஏற்றும் மின்கம்பிச் செலவும் வாரத்துக்கு ஒரு நாளாகக் குறையும். அல்லது, கிடைத்தால், ஒரே சுற்றில் 25லிருந்து 60க்கு ஏற்றும் வகை ஹீற் பம்பைத் தேடுவேன். அது நிமிடத்துக்கு மூன்று லீற்றர்தான் தரும், ஆனால் தருவது உண்மையான சுடுநீர். அதை உச்சியில் விடலாம், உச்ச நேரத்திலும் கணக்கில் சேர்க்கலாம். வாங்குமுன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது கிலோவாட்டை மட்டுமல்ல, ஒரு சுற்றில் எத்தனை பாகை ஏறும் என்பதையும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, ஆனியில் ஒப்படைத்தபோதே மார்கழிக் காலையை நடித்துப் பார்த்திருப்பேன். அந்தச் சோதனையைப் பின்னர் கார்த்திகையில் செய்தோம். தாங்கி வெளிவாயிலில், கலப்பு வால்வுக்கு முன்னால் ஒரு குழாயைத் திறந்து, கோடு போட்ட வாளியும் கைக்கடிகாரமும் வைத்து நிமிடத்துக்கு 10 லீற்றராக அமைத்தோம். 60 பேருக்கு 75 நிமிடத்தில் தேவையானது ஏறத்தாழ அந்த அளவுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தோம். நேரச்சுவிட்சை அன்றாடம் போலவே விட்டோம். வடிந்த நீரைப் பெரிய தொட்டியில் ஆறவிட்டுத் தென்னைகளுக்கு ஊற்றினோம். 70வது நிமிடம் வரை 58 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. 79வது நிமிடத்தில் 50க்குக் கீழே போனது. அந்தத் தாளை மின்பலகைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு கார்த்திகையும் சோதனையைத் திரும்பச் செய்து, பக்கத்தில் புது எண்ணை எழுதுகிறார்கள்.